தாலாட்டும் ஒப்பாரியும்: ஒரே சட்டத்தில் இரு பாட்டுகள்

ஏட்டில் எழுதாத பாட்டு எங்ஙனம் தலைமுறை கடந்து நிற்கிறது? தாய் பாடியதை மகள் சொல்லுக்குச் சொல் மனப்பாடஞ் செய்கிறாள் என்று பலர் எண்ணுவர். ஆனால் அவள் பெரிதும் கைக்கொள்வது பாட்டின் சட்டத்தையே. சொற்களை வேளைக்கேற்பத் தானே இட்டு நிரப்புகிறாள்.

சட்டம் ஒன்றை எடுத்து நோக்குவோம். தாலாட்டில் தாய்மாமன் முதலான உறவினர் ஒவ்வொருவராகப் பரிசு கொண்டு வருவர். ஓரடி உறவைச் சொல்லும். அடுத்த அடி பொருளைச் சொல்லும். தாலாட்டுச் சொல் முடித்துவைக்கும். மாமன் இல்லாத வீட்டிலே அவ்விடத்திற் சித்தப்பன் வந்து நிற்பான். பொருளும் ஊரும் மாறும், சட்டம் மாறுவதில்லை.

இச்சட்டம் மிகப் பழையது. 9ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த பெரியாழ்வார் கண்ணனுக்குப் பாடிய தாலாட்டிற் பிரமன் பொற்றொட்டிலும், இந்திரன் கிண்கிணியும், குபேரன் ஐம்படைத்தாலியும் ஆரமும் அனுப்புகின்றனர். உறவினர் இடத்திலே தேவர்கள் நிற்கின்றனர், அவ்வளவே வேறுபாடு. வீட்டுப் பெண்களின் பாட்டு முறையையே ஆழ்வார் மேற்கொண்டார் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இனி ஒப்பாரிக்கு வருவோம். தந்தையையோ தமையனையோ இழந்த பெண், பிறந்த வீட்டிலிருந்து தனக்கு வந்த சீரை ஒவ்வொன்றாக எடுத்துரைப்பாள். அங்கும் உறவு, பொருள், முடிப்பு என்னும் அதே வரிசையைக் காணலாம். தாலாட்டிலே வந்து சேரும் பரிசு, ஒப்பாரியிலே இனி வாராத பரிசாகிறது.

இவ்வொற்றுமை பாட்டுப் பரவும் வழியையும் காட்டுகிறது. சாவீடு அல்லாத இடத்தில் ஒப்பாரி சொல்லுதல் அமங்கலம். ஆதலால் அதனை வீட்டிற் பாடிப் பழக வழியில்லை. சாவீட்டிலே பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழும்போது ஒருத்தி சொல்ல மற்றையோர் சேர்ந்துகொள்வர். சிறுமி அருகிருந்து கேட்பாள். ஆனால் தம்பி தங்கையரை ஏணையிலிட்டு ஆட்டும்போதே அடியை அளந்து பெயரைப் பொருத்தும் பழக்கம் அவளுக்கு வந்துவிடுகிறது. பின்னாளில் அவள் வீட்டிலே துயர் நேரும்போது அப்பழக்கமே கைகொடுக்கிறது.

பாட்டின் காலத்தை ஆராய்வோர் ஈண்டு ஒன்றை மனங்கொள்ள வேண்டும். ஒரு தாலாட்டிற் புகைவண்டி வருகிறதென்பதனால் அப்பாட்டு முழுவதும் புகைவண்டிக் காலத்தது ஆகிவிடாது. பழைய சட்டத்திற் புதுச்சொல் புகுந்திருக்கலாம். அவ்வாறே ஒருத்தி சொல்லக் கேட்டு அச்சிட்ட வடிவம் ஒருநாட் பாடிய வடிவமே. அடுத்த வீட்டில் அதே பாட்டு வேறு சொற்களோடு ஒலித்தால், அது பிழையான பாடம் அன்று. வாய்மொழிப் பாட்டு வாழும் முறை அதுவே.