இலக்கு, குறிக்கோள், நோக்கம், லட்சியம்: தன்விளக்க அறிக்கையிலும் நிறுவனத் திட்டத்திலும்

இலக்கு, குறிக்கோள், நோக்கம், லட்சியம் ஆகியவை ஒருவர் எட்ட விரும்பும் நிலையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள். அகராதிகள் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தருகின்றன. பேச்சிலும் அவை இடம் மாறி வரலாம். ஆனால் பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ விண்ணப்பிப்பவர் தன்னைப் பற்றி எழுதும் தன்விளக்க அறிக்கையிலும், ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஒருமுறை தயாரிக்கும் செயல்திட்டத்திலும் இந்த மாற்றம் பொருளையே கெடுத்துவிடும். முன்னதில் எழுதுபவர் தன்னைப் பற்றிச் சொல்கிறார். பின்னதில் எழுதப்படும் வாக்கியத்துக்குப் பல பேர் பல மாதங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தச் சொற்களை வேறுபடுத்திக் காட்டும் எளிய வழி, அவற்றோடு சேரும் வினைகளைக் கவனிப்பது. இலக்கை நிர்ணயிக்கிறோம், எட்டுகிறோம், தவறவிடுகிறோம். "இந்த மாத இலக்கில் 80 சதவீதம் வந்துவிட்டது" என்பது இயல்பான பேச்சு. நோக்கத்தில் 80 சதவீதம் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. நோக்கம் நிறைவேறும், அல்லது நிறைவேறாது. லட்சியத்தோடு வாழ்கிறார்கள், அதற்காக உழைக்கிறார்கள், சில வேளை அதைக் கைவிடுகிறார்கள். குறிக்கோள் இந்த மூன்றுக்கும் நடுவில் நிற்பது. பள்ளிக் கட்டுரையிலும் அரசுக் கொள்கை விளக்கத்திலும் அது சங்கடமின்றிப் பொருந்துவதற்கு அதன் இந்தப் பொதுத்தன்மையே காரணம். விற்பனைப் பிரிவில் இருப்பவர்கள் வாயில் புழங்கும் 'டார்கெட்' என்பது இலக்கின் மிகக் குறுகிய வடிவம்: ஒரு எண், ஒரு தேதி, ஒரு ஆள்.

நோக்கமும் இலக்கும் ஒரே சட்டத்தில் தனித்தனி வேலை செய்வதை இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் பார்க்கலாம். 2016இல் திருத்தப்பட்ட அதன் முகப்புரை, வளர்ச்சியைக் கருத்தில் கொண்டு விலைவாசியை நிலையாக வைத்திருப்பதே பணக் கொள்கையின் முதன்மை நோக்கம் என்கிறது. இதில் எண் கிடையாது. எண் வருவது பணவீக்க இலக்கில்தான்: 4 சதவீதம், கீழே 2, மேலே 6 வரை போகலாம். தொடர்ந்து மூன்று காலாண்டுகள் பணவீக்கம் இந்த வரம்புக்கு வெளியே இருந்தால், ஏன் தவறியது, என்ன செய்யப் போகிறோம், எப்போது திரும்ப எட்டுவோம் என்று வங்கி அரசுக்கு அறிக்கை தர வேண்டும். 2022இல் அந்த நிலை வந்தது, அறிக்கையும் போனது. இலக்கு தவறியதால் நோக்கம் மாறிவிடவில்லை. நோக்கம் ஏன் என்று சொல்கிறது, இலக்கு எவ்வளவு, எப்போது என்று சொல்கிறது, தவறினால் யார் பதில் சொல்வது என்பதும் இலக்கோடு ஒட்டியே வருகிறது.

நிறுவனத் திட்டத்தில் இந்தப் பிரிவினை நிலைபெற்றதற்கு இரண்டு படைப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நோக்கங்களைக் கொண்டு நிர்வகிப்பது என்ற முறையை பீட்டர் டிரக்கர் 1954இல் வெளியான தன் நூலில் முன்வைத்தார். 1981இல் ஜார்ஜ் டோரன் எழுதிய சிறு கட்டுரை, எழுதப்படும் குறிக்கோள் திட்டவட்டமாகவும் அளக்கத்தக்கதாகவும் ஒருவர் பொறுப்பில் விடப்பட்டதாகவும் காலவரம்பு உள்ளதாகவும் இருக்க வேண்டும் என்றது. பின்னால் வந்தவர்கள் இந்தப் பட்டியலைப் பலவாறு மாற்றினார்கள். ஒருவர் பொறுப்பில் விடுவது என்ற அம்சம் பல வடிவங்களில் காணாமல் போனது பெரிய இழப்பு. ஆள் பெயர் இல்லாத இலக்கு வெறும் விருப்பமாகவே நின்றுவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரு பின்னலாடை நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். அதன் திட்ட வரைவில் "தரத்தில் முதலிடம் பிடிப்பதே நம் லட்சியம்" என்று முதல் வரி இருக்கிறது. தையல் பிரிவு மேற்பார்வையாளர் இதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் எதையும் செய்ய முடியாது. திருத்தி எழுதினால், நோக்கம் "வாங்குபவர்கள் திருப்பி அனுப்பும் சரக்கைக் குறைப்பது" என்று ஆகும். இலக்கு "செக்கிங் மேசையில் கழிக்கப்படும் துணிகளின் விகிதத்தை மார்ச் 31க்குள் 6 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக்குவது, பொறுப்பு தையல் பிரிவு மேற்பார்வையாளர்" என்று வரும்.

இரண்டையும் அடுத்தடுத்து எழுதி வைப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 3 சதவீதத்தைக் காட்ட வேண்டும் என்ற நெருக்கடியில், செக்கிங் மேசையில் தையல் விட்ட துணியையும் கண்டும் காணாமல் விட்டால் எண் தானாக இறங்கும். கழிவு விகிதம் குறைந்துகொண்டே வரும்போது வாங்குபவரிடமிருந்து திரும்பும் பெட்டிகள் கூடுவதுதான் இதற்கு அடையாளம். திட்டத்தில் நோக்கம் எழுதப்பட்டிருந்தால் இந்த முரண் உடனே தெரியும். எண் மட்டும் இருந்தால் எல்லாம் நன்றாக நடப்பதாகவே படும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் இது பெரிய அளவில் நடந்தது. வாடிக்கையாளர் ஒருவருக்கு எட்டுச் சேவைகள் என்பதை முழக்கமாக வைத்து ஊழியர்களை நெருக்கியதில், அவர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

தன்விளக்க அறிக்கையில் நிலைமை நேர் எதிரானது. அங்கே எண்களுக்கு வேலை குறைவு. பிரிட்டனில் இளங்கலைப் படிப்புகளுக்கு யூகாஸ் வழியாக விண்ணப்பிப்பவர் எழுதும் அறிக்கைக்கு, இடைவெளிகளையும் சேர்த்து 4,000 எழுத்துகள்தான் வரம்பு. 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் கேள்வி, இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்பது. அதாவது நோக்கத்தைத்தான் கேட்கிறார்கள். நம் மாணவர்கள் எஸ்.ஓ.பி. என்று சொல்லும் முதுகலை விண்ணப்ப அறிக்கையும் பெயரிலேயே நோக்க அறிக்கைதான்.

பொது சுகாதாரம் படிக்க விரும்பும் ஒரு மாணவி இப்படித் தொடங்குவதாகக் கொள்வோம்: "பொது சுகாதாரத் துறையில் சாதிப்பதே என் லட்சியம். 5 ஆண்டுகளில் 3 ஆய்வுக் கட்டுரைகள் வெளியிடுவது என் இலக்கு." முதல் வாக்கியத்தை எந்தத் துறைக்கும் மாற்றிப் போடலாம். இரண்டாவது, நிறுவனத் திட்டத்திலிருந்து வழிதவறி வந்தது. ஏன் மூன்று, எதைப் பற்றி என்று படிப்பவருக்குத் தெரியாது. அதே மாணவி இப்படி எழுதலாம்: "எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிப் பதிவேட்டை எழுத உதவியபோது, முதல் தவணைக்கு வந்த குழந்தைகளில் சிலர் மூன்றாம் தவணைக்கு வராததைக் கவனித்தேன். அவர்கள் செங்கல் சூளை வேலைக்காக ஊர் மாறிப் போன குடும்பத்துப் பிள்ளைகள். இடம்பெயரும் குழந்தைகளுக்குத் தவணை விடுபடாமல் இருக்க வழி காண்பதே இந்தப் படிப்பில் சேரும் என் நோக்கம்." லட்சியம் என்ற சொல் இதில் இல்லை. இருந்தும் படிப்பவர் அதை உணர்ந்துகொள்கிறார்.

லட்சியம் என்பதை எழுதியே ஆக வேண்டுமென்றால், அதன் எல்லையை அறிந்து எழுதுவது நல்லது. அது வாழ்நாள் நீளமுள்ள சொல். அதோடு தமிழில் அதற்கு நல்ல பொருள்தான் உண்டு. தான் மட்டும் மேலே ஏற வேண்டும் என்ற வேட்கையை நாம் பதவி ஆசை என்றோ பேராசை என்றோதான் சொல்வோம். ஆகவே "மேலாளராவதே என் லட்சியம்" என்று வேலை விண்ணப்பத்தில் எழுதினால், சொல் பெரிதாகவும் பொருள் சிறிதாகவும் நிற்கும். "குழுவை நடத்தும் பொறுப்புக்குத் தயாராவது என் குறிக்கோள்" என்றால் அளவு சரியாக இருக்கும். நோக்கத்திலும் ஒரு கவனம் தேவை. "அவர் நோக்கம் என்ன?" என்று கேட்டால் அதில் சந்தேகம் தொனிக்கும், உள்நோக்கம் என்றால் குற்றச்சாட்டே ஆகிவிடும். நோக்கத்தை எழுதும்போது அது எதிலிருந்து பிறந்தது என்பதையும் அருகிலேயே எழுதினால் இந்தச் சந்தேகத்துக்கு இடமிருக்காது.

மொழிபெயர்ப்பு ஆவணங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஐ.நா. 2015இல் ஏற்ற நீடித்த வளர்ச்சித் திட்டத்தில் 17 பரந்த குறிக்கோள்களும் அவற்றின் கீழ் 169 குறிப்பான இலக்குகளும் உள்ளன. நலமான வாழ்வு என்பது மூன்றாவது குறிக்கோள். 2030க்குள் பேறுகால மரணங்களை ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 70க்கும் கீழே கொண்டுவருவது அதன் முதல் இலக்கு. தமிழில் இரண்டு அடுக்குகளையும் 'இலக்கு' என்றே எழுதும் வழக்கம் பரவிவிட்டது. மேலடுக்குக்குக் குறிக்கோள், கீழடுக்குக்கு இலக்கு என்று பிரித்து எழுதுவதே தெளிவு. பல அடுக்குகள் கொண்ட நிறுவனத் திட்டங்களிலும் இதே முறையைக் கையாளலாம்.