ஒரே அறிவித்தல், மூன்று வாசகர்கள்: தமிழை எந்த எழுத்தில் எழுதுவது?

வடக்கு, கிழக்கில் இன்று ஊர்ச் செய்திகள் பெரும்பாலும் வட்ஸ்அப் குழுக்களிலும் முகநூலிலுமே பரவுகின்றன. அவற்றில் கணிசமானவை தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் எழுதியவை. இது மொழிப்பற்றுச் சார்ந்த விவாதமாகவே எங்களிடையே பேசப்பட்டு வருகிறது. சுயாதீன ஊடகவியலாளராகப் பணியாற்றும் எனக்கோ இது வேறொரு கேள்வியாகப் படுகிறது. எழுதியது யாருக்குப் போய்ச் சேருகிறது, யாருக்குச் சேராமல் போகிறது?

ஊர்க் குழுக்களில் வழமையாக வரும் வகையில் ஓர் அறிவித்தலை நானே எழுதிப் பார்த்தேன்.

```
vara velli kalai 9 manikku pallikoodathil
nadamadum sevai. palaya kani uruthi,
adaiyala addai, irandu padam kondu varavum.
```

இதையே தமிழில் எழுதினால் இப்படி வரும்: வாற வெள்ளி காலை 9 மணிக்குப் பள்ளிக்கூடத்தில் நடமாடும் சேவை. பழைய காணி உறுதி, அடையாள அட்டை, இரண்டு படம் கொண்டு வரவும்.

ஆங்கில எழுத்து வடிவத்தில் `kalai` என்பது காலையா, கலையா, களையா? `kani` என்பது காணியா, கனியா? `padam` படமாகவும் இருக்கலாம், பாடமாகவும் இருக்கலாம். குறில் நெடில் வேறுபாடும், ல, ள, ழ வேறுபாடும், ந, ன, ண வேறுபாடும் இந்த எழுத்தில் மறைந்துவிடுகின்றன. போதாததற்கு இலங்கையில் நாங்கள் எழுதும் முறை ஒன்று, தமிழ்நாட்டில் எழுதும் முறை இன்னொன்று. நாங்கள் அட்டையை `addai` என்போம், அவர்கள் `attai` என்பார்கள். ழகரத்திற்கு நாங்கள் `l` போடுகிறோம், அவர்கள் `zh` போடுகிறார்கள். வட்டுக்கோட்டையை `Vaddukoddai` என்று படித்துப் பழகிய கண்ணுக்கு மற்ற முறை சற்றுத் தடுக்கும்.

இந்த அறிவித்தலை வாசிக்க வேண்டியவர்கள் மூன்று வகையினர்.

முதலாமவர், காணி உறுதியைக் கையில் வைத்திருக்கும் அம்மா. எங்கள் பாடசாலைகளில் பல தலைமுறைகளாகத் தமிழ்மொழி மூலமே கல்வி நடக்கிறது. அறுபது, எழுபது வயதான ஒருவர் பத்திரிகையைத் தடங்கலின்றி வாசிப்பார். ஆனால் ஆங்கில எழுத்துகளைக் கூட்டி ஒலியாக்கி, அந்த ஒலியில் தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடிப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. அவர் தொலைபேசியைப் பேரப்பிள்ளையிடம் நீட்டுவார். நடமாடும் சேவை பற்றிய செய்தியென்றால் பரவாயில்லை. காணாமல் போன மகனின் விசாரணை குறித்து வந்த செய்தியையும் இன்னொருவர் வாய்வழியாகத்தான் அறிய வேண்டுமென்றால், அவருக்குரிய அந்தரங்கம் அங்கே பறிபோகிறது.

இரண்டாமவர், இங்கேயே வளர்ந்த இளைஞர். அவருக்குத் தமிழ் எழுத்து நன்றாகத் தெரியும், சாதாரண தரப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதியவர். அவர் ஆங்கில எழுத்தைப் பயன்படுத்துவதற்குக் காரணம் விசைப்பலகை. இந்தப் பழக்கம் குறுஞ்செய்திக் காலத்தில் வேரூன்றியது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறிகள் கிடைக்கும். தமிழ் எழுத்து கலந்தவுடன் அது 70 ஆகக் குறையும். தமிழில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். மேலேயுள்ள அறிவித்தலை எண்ணிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் 122 குறிகள், எனவே ஒரே குறுஞ்செய்தி. தமிழில் 117 குறிகள்தான், ஆனால் இரண்டு குறுஞ்செய்திகளுக்கான கட்டணம். பணம் மிச்சப்படுத்தப் பழகிய விரல்கள், அந்தக் கட்டுப்பாடு இல்லாத வட்ஸ்அப்புக்கு வந்த பின்னரும் அப்படியே தொடர்கின்றன.

மூன்றாமவர், ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பிறந்த பிள்ளை. வீட்டில் பேசும் தமிழ் விளங்கும், எழுத்துத் தெரியாது. அம்மம்மாவின் காணி பற்றிய கடிதங்களை நாளை கையாளப் போவது அந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம். இவருக்கு ஆங்கில எழுத்துத்தான் வாசல். அதை மூடிவிட்டால் அவர் எங்கள் உரையாடலுக்கு வெளியே நிற்பார்.

இளையோர் என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது இந்த இரண்டாமவரையும் மூன்றாமவரையும் ஒன்றாக்கிவிடுகிறோம். இருவரின் காரணங்களும் வேறு, எனவே தீர்வுகளும் வேறு.

இங்குள்ள இளைஞர் தன் விரற் பழக்கத்தை மாற்றவே தேவையில்லை. கூகுளின் ஜீபோர்ட் விசைப்பலகையில் தமிழைச் சேர்க்கும்போது ஒலிபெயர்ப்பு முறையைத் தெரிவுசெய்தால், `kaani` என்று தட்ட, காணி என்ற சொல் மேலே தோன்றும். சில வேளைகளில் கானி என்பதும் பக்கத்தில் நிற்கும். அனுப்புமுன் சரியானதைத் தொட வேண்டும். தட்டச்சே வேண்டாம் என்னும் பெரியவர்களுக்கு அதே விசைப்பலகையின் ஒலிவாங்கி உதவும். 2017 முதல் அதில் தமிழ்க் குரல் உள்ளீடு உண்டு. ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் அது பிழையாகக் கேட்பதுண்டு என்பதால் அவற்றை மட்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

புலம்பெயர் பிள்ளைக்கு எழுதும்போது ஆங்கில எழுத்தையே பயன்படுத்தலாம், ஆனால் நெடிலை இரட்டித்து எழுத வேண்டும். `kaalai`, `kaani` என்று எழுதினாலே மேலே சொன்ன குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும். ள, ழ, ண குழப்பம் தீராது. அதைச் சொல்லின் இடம்தான் தீர்க்க வேண்டும்.

இன்னொரு வாசகரை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். போரில் கண்பார்வையை இழந்தவர்கள் தொலைபேசியைக் காதால் வாசிக்கிறார்கள். திரை வாசிப்பான் தமிழ் எழுத்தைத் தமிழ்க் குரலில் படிக்கும். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழை ஆங்கிலச் சொல்லென்று எடுத்துக்கொண்டு உச்சரிக்கும். கேட்பவருக்கு அது எந்த மொழியாகவும் இராது.

ஆகவே நான் அறிவித்தல் எழுதும்போது தமிழ் எழுத்தில் முதலில் எழுதுகிறேன், அதன்கீழே தேவையானால் ஆங்கில எழுத்தில் ஒரு வரி. திகதியும் நேரமும் இலக்கத்தில். ஆட்பெயர் வந்தால் இரண்டு எழுத்திலும். யோகேஸ்வரி என்பது ஒருவரின் அடையாள அட்டையில் `Yogeswary` என்றும் இன்னொருவருடையதில் `Yokeswari` என்றும் இருக்கும். இங்கே ஒலியைப் பார்த்து எழுதக்கூடாது, ஆவணத்தில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே பார்த்து எழுத வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் விண்ணப்பத்தில் வேறொன்றுமாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்க மீண்டும் அலைய நேரிடும்.

நண்பர்களுக்கிடையிலான அரட்டை எந்த எழுத்தில் இருந்தாலும் நட்டமில்லை. நினைவுகளை எழுதும்போது அப்படியல்ல. ஒவ்வொரு மே மாதமும் பலர் தாம் கண்டதை முகநூலில் ஆங்கில எழுத்துத் தமிழில் எழுதுகிறார்கள். முள்ளிவாய்க்கால் என்பதைத் தமிழில் ஒரே விதமாகத்தான் எழுதலாம். ஆங்கில எழுத்தில் அது `Mullivaikkal`, `Mullivaikal`, `Mulliwaikkal`, `Mullivaaikkaal` என்று பலவாகிறது. ஒன்றைத் தேடுபவருக்கு மற்றவை கிடைக்குமென்ற உறுதியில்லை. ஒரு தாய் எந்த நாளில், எந்தப் பதுங்கு குழியருகே யாரைப் பறிகொடுத்தார் என்று எழுதியது அங்கேதான் இருக்கும், ஆனால் தேடி வரும் ஆய்வாளரோ அவருடைய பேரப்பிள்ளையோ அதைக் காணாமலே போய்விடலாம். அதனால், எழுத நினைப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பதிவு முழுவதையும் தமிழில் எழுத முடியாவிட்டாலும் ஊரின் பெயரையும் ஆளின் பெயரையும் தமிழ் எழுத்தில் ஒரு தடவையாவது எழுதி, பக்கத்தில் திகதியையும் இடுங்கள்.