ஓலையும் வாய்ஸ் டைப்பிங்கும்

ஒரு ஊரோட பாசனக் கதையைச் சேகரிச்சுட்டு இருக்கேன். அங்குள்ள பெரியவர் ஒருவர், போனில் பேசியே எழுத்தாக்கி அனுப்புகிறார். அப்படி வந்த ஒரு வரி:

"வாய் கால் ஓரம் கிணறு வெட்டினோம் அப்பா தவறின பிறகு நிலத்த வித்தோம்"

இதைப் படிக்கும்போது ஓலைச்சுவடிதான் ஞாபகம் வரும். சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, நிறுத்தக்குறி கிடையாது, பெரும்பாலும் புள்ளியும் கிடையாது. "வாய்க்கால்" அதில் "வாயககால" என்று நிற்கும். காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் இன்னும் குழப்பம். 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. போன்றவர்கள் இந்தத் தொடரெழுத்தைத்தான் பிரித்துப் பிரித்துப் படித்தார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம். ஓலை எதையும் பிரிக்கவில்லை. அதனால் பிரிப்பது தன் வேலை என்று படிப்பவருக்குத் தெரியும். போன் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. "வாய் கால்" என்ற இடைவெளியைக் கண் நம்பிவிடும். பேச்சில் சொற்களுக்கு நடுவே மௌனம் இருப்பதில்லை. அந்த இடைவெளி மென்பொருளின் ஊகம், அவ்வளவுதான்.

"வாய் கால்" பரவாயில்லை, பொருள் ஒட்டாததால் மாட்டிக்கொள்ளும். நிறுத்தக்குறி இல்லாத இடம்தான் ஆபத்து. "கிணறு வெட்டினோம். அப்பா தவறின பிறகு நிலத்த வித்தோம்" என்று படித்தால் அப்பா காலத்துக் கிணறு என்று எடுத்துக்கொள்வோம். ஆனால் பேச்சுத் தமிழில் வினைக்குப் பின்னாலும் விவரம் வரும்: "கிணறு வெட்டினோம் அப்பா தவறின பிறகு. நிலத்த வித்தோம்." இப்போது அது பிள்ளைகள் வெட்டிய கிணறு. அப்பா வெட்டியது என்றால் அத்தனை பிள்ளைகளும் பங்கு கேட்பார்கள். ஒருசிலர் காசு போட்டு வெட்டியது என்றால் பேச்சே வேறு. இரண்டு வாசிப்பும் இலக்கணப்படி சரி.

சுவடி படித்தவர்களுக்கு யாப்பு துணை இருந்தது. எதுகையும் சீரும் தப்பினால் பிரிப்பு தப்பு என்று தெரியும். உரைநடையில் அந்தத் துணை இல்லை. இங்கே உதவக்கூடியது, "வெட்டினோம்" என்ற இடத்தில் குரல் இறங்கியதா, "பிறகு" என்ற இடத்தில் இறங்கியதா என்பதுதான். எழுத்தில் அது பதிவாகவில்லை.

அதனால் இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். வரி இடறினால், முதலில் எல்லா இடைவெளியையும் அழித்துவிட்டு, ஓலை மாதிரி ஒட்டவைத்துப் புதிதாகப் பிரிப்பேன். "வாய்கால்" என்று சேர்ந்ததுமே, விழுந்துபோன "க்" தெரிந்துவிடும். இரண்டாவது, எழுத்தோடு குரல் பதிவையும் சேர்த்து அனுப்பச் சொல்வேன். பழைய வரிக்குக் குரல் இல்லாவிட்டால், இரண்டு வாசிப்பையும் கோப்பில் எழுதி, எதிரே கேள்விக்குறி போட்டு வைப்பேன். பெரியவரைக் கேட்கும்வரை அந்தக் கிணறு யாருடையதும் இல்லை.