அடிமனைக்கு வரியா, கட்டடத்துக்கு வரியா?

போன மாசம் ஸ்ரீரங்கம் போயிருந்தப்ப பெரியம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. மழை ஒழுகிய பழைய ஓட்டு வீட்டைப் பிரித்து, மாடியில் இரண்டு அறை எடுத்துக் கட்டியிருந்தார்கள். அளவெடுத்தார்கள், வீட்டு வரி ஏறிவிட்டது. நாலு வீடு தள்ளி ஒரு மனை இருபது வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே கருவேலம் மண்டியிருக்கு. "ஒழுகுற வீட்டைச் சரி பண்ணினவளுக்கு வரி கூடுது, பூட்டிப் போட்டவனுக்கு ஒண்ணும் ஆகல. இது என்னடா கணக்கு?" என்றார்கள்.

இந்தக் கேள்வியைப் பொருளாதார அறிஞர்கள் இருநூற்றைம்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கான விடைக்கு வேண்டிய சொல்லும் ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிறது: அடிமனை. அங்கே பல வீடுகளில் கட்டடம் குடியிருப்பவருடையது, கீழே உள்ள மண் கோயிலுடையது என்ற வழக்கு நெடுங்காலமாக நடந்துவருவதால், வீட்டையும் மனையையும் தனித்தனிச் சொத்தாகப் பிரித்துப் பேசுவது ஊர்க்காரர்களுக்கு இயல்பு. நில மதிப்பு வரியின் அடிப்படையும் அந்தப் பிரிப்புதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அடுத்தடுத்து இரண்டு மனை, ஒவ்வொன்றும் ஒரு கிரவுண்ட், விலை அறுபது லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் நாற்பது லட்சத்துக்கு வீடு இருக்கிறது. மற்றது காலி. இரண்டிலிருந்தும் சேர்த்து அரசுக்கு வருஷம் 48,000 ரூபாய் வேண்டும். கட்டடத்துக்கு மட்டும் வரி என்றால் விகிதம் 1.2 சதவீதம். வீட்டுக்காரர் 48,000 கட்டுவார், காலிமனைக்காரர் ஒன்றும் கட்ட மாட்டார். வீட்டுக்காரர் இன்னும் இருபது லட்சம் போட்டு மாடி எடுத்தால் அவருடைய வரி 72,000 ஆகிவிடும். நிலத்துக்கு மட்டும் வரி என்றால் 0.4 சதவீதம் போதும், ஆளுக்கு 24,000. மாடி எடுத்தாலும் அதே 24,000, கருவேலம் வளர்த்தாலும் அதே 24,000.

இதில் அறிஞர்களைக் கவர்வது நியாயம் மட்டுமில்லை, விளைவும்தான். கட்டடத்துக்கு வரி போட்டால் கட்டடம் குறையும். சிலர் மாடி எடுப்பதைத் தள்ளிப்போடுவார்கள், சிலர் பழுது பார்க்க மாட்டார்கள். நாளடைவில் வீடுகள் குறைந்து வாடகை ஏறும், அதாவது வரியின் ஒரு பங்கு குடித்தனக்காரர் தலையில் வந்து விழும். நிலம் அப்படியில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற தீவு, வரி போட்டதற்காக ஒரு அடி சுருங்காது. மனை எண்ணிக்கையும் மாறாது, குடியிருக்க வருபவர்களும் மாறவில்லை, ஆகவே வரியைக் காட்டி வாடகையை ஏற்ற நிலச் சொந்தக்காரரால் முடியாது. ஆடம் ஸ்மித் 1776லேயே மனை வாடகை வரிக்கு ஏற்றது என்றார். 1879ல் ஹென்றி ஜார்ஜ் இதை ஓர் இயக்கமாகவே ஆக்கினார். வரி என்றாலே முகம் சுளிக்கும் மில்டன் ஃப்ரீட்மன்கூட, இருப்பதில் குறைந்த கெடுதல் உள்ள வரி இதுதான் என்று ஒத்துக்கொண்டார்.

இன்னொன்று, நிலத்தின் விலையைச் சொந்தக்காரர் உண்டாக்குவதில்லை. திருச்சி பஞ்சப்பூரில் 2025ல் புதிய பேருந்து முனையம் திறந்தார்கள். அந்த மாதிரி இடங்களில் சுற்றுவட்டார மனை விலை ஏறுவது பொதுப்பணத்தால். அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை ஊர் திரும்பக் கேட்பதில் தப்பென்ன என்பதே வாதம்.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்துத்தான் நானும் தேட ஆரம்பித்தேன். தேடினால், தமிழ்நாடு இதை ஏற்கெனவே சட்டமாகவே போட்டுப் பார்த்திருக்கிறது.

முதல் முயற்சி 1963ன் நகர்ப்புற நில வரிச் சட்டம். நகரைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதியின் சராசரி மதிப்பை வைத்து வரி போட்டார்கள். முட்டுச்சந்துக்கும் கடைத்தெருவுக்கும் ஒரே மதிப்பு ஆகிவிடும் இல்லையா? பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் கம்பெனி வழக்குப் போட்டது. சமத்துவ உரிமைக்கு விரோதம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1964ல் சட்டத்தை ரத்து செய்தது. அரசு விடவில்லை. 1966ல் புதுச் சட்டம் வந்தது: சராசரி கிடையாது, ஒவ்வொரு மனைக்கும் அதனதன் சந்தை மதிப்பில் 0.4 சதவீதம். மேலே கட்டடம் எவ்வளவு பெரிது என்பது கணக்கிலேயே வராது. அதே கம்பெனி மறுபடியும் வழக்காடியது. சொத்தின் முழு மதிப்புக்கு வரி போடுவது மத்திய அரசின் செல்வ வரிக்குள் நுழைவது என்பது முக்கியமான வாதம். உச்ச நீதிமன்றம் 1969ல் அதை ஏற்கவில்லை. இது ஆளின் மொத்தச் சொத்துக்கான வரி இல்லை, நிலத்தின் மீதே விழும் வரி, மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது. 1970களில் இந்தச் சட்டம் சென்னையைத் தாண்டி திருச்சிக்கும் வந்தது. வருஷக் கணக்கு பசலியில்.

அப்புறம் ஏன் பெரியம்மாவுக்கு இந்தச் சட்டம் இருந்ததே தெரியவில்லை?

நீதிமன்றத்தில் ஜெயித்த சட்டம் மதிப்பீட்டில் தோற்றது என்பது என் முடிவு. சந்தை மதிப்பு என்றால் எந்தத் தேதியின் மதிப்பு? சட்டம் ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டது. பின்னாளில் அந்த அடிப்படைத் தேதி 1981 ஜூலை 1 ஆனது. விகிதங்களும் விலக்குகளும் இடையில் மாறின. அந்த நாளில் பத்தாயிரம் ரூபாய்க்குப் போன மனை இன்று அறுபது லட்சம் என்று வைத்துக்கொண்டால், 0.4 சதவீதக் கணக்கில் வரி வருஷத்துக்கு 40 ரூபாய். இன்றைய மதிப்பில் அது 24,000 ஆக வேண்டும். மதிப்பை உறையவிட்டால் நில வரி பேருக்குத்தான் இருக்கும், ஊர் வளர்ந்த லாபம் முழுக்கச் சொந்தக்காரர் கையிலேயே நிற்கும்.

இந்தப் பக்கம் கட்டட வரி மட்டும் நடமாடிக்கொண்டே இருக்கிறது. 2022ல் சொத்து வரியைத் திருத்தியபோது, திருச்சி உட்பட சென்னைக்கு வெளியே உள்ள மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான குடியிருப்புக்கு 25 சதவீத உயர்வு, 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீத உயர்வு. அளவுகோல் கட்டிய பரப்பு. காலிமனைக்குத் தனி வரி உண்டுதான். அது சதுர அடிக்கு இவ்வளவு என்று போகிறதே தவிர, மனையின் இன்றைய விலையைத் தொடுவதில்லை.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார்கள் என்று பார்த்தால், "அப்ப எனக்கு வருஷம் இருபத்திநாலாயிரமா? பென்ஷன்ல எங்கேர்ந்து கட்டறது?" என்றார்கள். நியாயமான கேள்வி. மனை விலை ஏறினாலும், விற்காதவரை கையில் காசு வராது. டென்மார்க்கில் வயதானவர்கள் நில வரியைக் கடனாக நிறுத்திவைத்து, வீடு கைமாறும்போது தீர்க்கலாம். 1966 சட்டத்திலும் சொந்தக் குடியிருப்புக்குச் சலுகை வைத்தார்கள். சலுகை கூடினால் வரி கரையும், குறைத்தால் பெரியம்மா மாதிரி ஆட்கள் தவிப்பார்கள். எனக்கு டென்மார்க் வழிதான் சரியாகப் படுகிறது.

கிளம்பும்போது பெரியம்மா கடைசியாக ஒன்று கேட்டார்கள். "அடிமனை கோயிலுதுன்னு தீர்ப்பாச்சுன்னா, அந்த நில வரியை நான் கட்டணுமா, பெருமாள் கட்டணுமா?" தத்துவப்படி நிலத்தின் வருமானம் யாருக்குப் போகிறதோ அவர்தான் கட்ட வேண்டும். பெருமாளிடம் யார் போய்க் கேட்பது என்று எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலும் இல்லை.