மாற்ற முடியாத காசோலை: ஸ்பைடர்மேனின் முதல் நாட்கள்

ஸ்பைடர்மேன் எப்படி உருவானான் என்று கேட்டால் நாங்கள் எல்லோரும் சிலந்தி கடித்த கதையைத்தான் சொல்லுவோம். படங்களில் பார்த்துப் பழகிய கதை அது. ஆனால் ஸ்டான் லீ எழுதி ஸ்டீவ் டிட்கோ வரைந்த முதல் இதழ்களை எடுத்து வாசித்தால், சிலந்திக்கு அங்கே சில கட்டங்கள்தான். மிச்சமெல்லாம் காசுக் கதை.

முதற்கதை 1962 ஓகஸ்ட் இதழாக வந்த 'அமேசிங் ஃபேண்டஸி' 15இல் வெளியானது. மொத்தம் 11 பக்கங்கள். அந்தச் சஞ்சிகையின் கடைசி இதழும் அதுதான். அதுவரை பதின்வயதுப் பெடியன்களுக்கு இந்தக் கதைகளில் கிடைத்தது பெரும்பாலும் ராபின் மாதிரித் துணைப் பாத்திரம்தான். இங்கே பள்ளிக்கூடப் பெடியன் பீட்டர் பார்க்கரே நாயகன்.

சக்தி கிடைத்ததும் அவன் யாரையும் காப்பாற்றப் போகவில்லை. 100 டொலர் பரிசுக்காக மல்யுத்த மேடை ஏறுகிறான். பிறகு முகமூடியோடு தொலைக்காட்சியில் வித்தை காட்டுகிறான். அங்கே ஒரு கள்ளன் ஓடி வரும்போது, அது என்ரை வேலை இல்லை என்று விட்டுவிடுகிறான். அதே கள்ளன்தான் பிறகு அவனுடைய பென் பெரியப்பாவைக் கொல்கிறான். பெரும் சக்தியோடு பெரும் பொறுப்பும் வரும் என்ற கருத்தைப் பெரியப்பா சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். 1962 கதையில் அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் குரலாகத்தான் அது வருகிறது. பீட்டருக்கு முன்கூட்டியே புத்தி சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

1963 மார்ச்சில் அவனுக்கென்றே தனிச் சஞ்சிகை தொடங்கியது. பெரியப்பா இல்லாத வீட்டில் வாடகை கட்டக் காசில்லை. மே பெரியம்மா நகைகளை அடகு வைக்கப் போகிறார். திருடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்துவிட்டு, பீட்டர் திரும்பவும் மேடைக்குப் போகிறான். சனம் வருகிறது, நிகழ்ச்சி நன்றாகப் போகிறது. காசோலையை யார் பேருக்கு எழுதுவது என்ற இடத்தில்தான் சிக்கல். சொந்தப் பேரைச் சொன்னால் இரகசியம் போய்விடும். ஆகவே 'ஸ்பைடர்மேன்' என்றே எழுதுகிறார்கள். வங்கியில் அடையாளம் கேட்கிறார்கள். உடுப்பைக் காட்டினால் போதாது, அதை யாரும் போடலாமே. சுவரில் ஏறத் தெரிந்தவனால் ஒரு காசோலையை மாற்ற முடியவில்லை.

அதற்குப் பிறகு பத்திரிகை முதலாளி ஜே. ஜோனா ஜேம்சன் அவனுக்கு எதிராக எழுதத் தொடங்க, மேடை வாய்ப்பும் இல்லாமல் போகிறது. ஜேம்சனின் மகன் ஒரு விண்வெளி வீரர். அவர் போன கலம் பழுதானபோது உயிரைக் காப்பாற்றியது ஸ்பைடர்மேன்தான். அப்படியிருந்தும் பத்திரிகை அவனையே குற்றம் சொல்கிறது. சம்பளம் கிடைக்கும் என்று 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' குழுவிடம் போய்க் கேட்கிறான். அங்கே சம்பளமே இல்லை.

இரண்டாம் இதழில் ஒரு வழி பிறக்கிறது. 'வல்ச்சர்' என்ற பறக்கும் கள்ளனைப் படமெடுத்து ஜேம்சனுக்கே விற்கிறான். வாடகைப் பிரச்சினை தீர்கிறது. ஆனால் தன்னைத் திட்டுகிற முதலாளியிடம் கைநீட்டித்தான் இனி வீட்டுச் செலவைப் பார்க்க வேண்டும். அவன் கொடுக்கிற படங்களுக்குப் பக்கத்திலேயே அவனைப் பற்றிய வசையும் அச்சாகும்.

1964இல் வந்த 17ஆம் இதழில் 'கிரீன் கொப்ளின்' உடன் சண்டை நடக்கும்போது பெரியம்மாவுக்கு வருத்தம் என்று அவன் காதில் விழுகிறது. சண்டையை விட்டுவிட்டு ஓடுகிறான். பார்த்த சனம் அவனைப் பயந்தாங்கொள்ளி என்கிறது. ஏன் ஓடினான் என்று யாரிடம் சொல்லுவது? அடுத்த இதழில் மருந்துச் செலவுக்காகத் தான் கண்டுபிடித்த வலைப் பசையை ஒரு கம்பனிக்கு விற்கப் பார்க்கிறான். கொஞ்ச நேரத்தில் கரைந்துபோகிற பசையை வாங்கி என்ன செய்யிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். சண்டைக்கு உதவுகிற குணமே சந்தையில் குறையாகிவிட்டது.

31ஆம் இதழில் பல்கலைக்கழகத்தின் முதல் நாட்கள். பெரியம்மா ஆஸ்பத்திரியில். அந்த யோசனையில் பீட்டர் யாரோடும் கதைக்காமல் போகிறான். குவென் ஸ்டேசியும் ஹரி ஒஸ்போனும் அவனைத் தலைக்கனக்காரன் என்று முடிவுகட்டுகிறார்கள். பெரியம்மாவின் வருத்தத்துக்குக் காரணமோ, முன்பொரு தடவை அவன் அவருக்குக் கொடுத்த கதிரியக்கம் கலந்த இரத்தம்.

இத்தனைக்கும் நடுவில் நிற்பது அந்த முகமூடி. பெரியம்மாவைப் பாதுகாக்கத்தான் அவன் அதைக் கழற்றாமல் இருக்கிறான். அதே முகமூடிதான் வங்கி யன்னலையும் நண்பர்களின் வாயையும் அவனுக்கு மூடிவிடுகிறது. செய்த வேலைக்குக் கூலி கேட்கப் பேர் வேண்டும். சொன்ன நேரத்துக்கு வராததற்குக் காரணம் சொல்லவும் பேர் வேண்டும். பீட்டரிடம் இல்லாதது அதுதான். டிட்கோ வரைந்த 38 இதழ்களையும் வாசிக்கிறவர்கள், சண்டை முடிந்து அவன் வீடு திரும்புகிற பக்கங்களில் கொஞ்சம் நின்று பாருங்கள். கதை அங்கேதான் நடக்கிறது.