5 கிலோ மாவு முறுக்குக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்கணும்?

குன்னத்துல எங்க அத்தை வீட்டு வளைகாப்பு. சீர் முறுக்குக்கு 5 கிலோ மாவு: பச்சரிசி மாவு 4 கிலோ, வறுத்து அரைச்ச உளுந்து மாவு 1 கிலோ. ‘சட்டிக்கு ரெண்டு லிட்டர் பிடிக்கும்’னு சொல்லி ரெண்டே லிட்டர் கடலை எண்ணெய் வாங்கியிருந்தாங்க. ராத்திரி ஒன்பது மணி, பாதி மாவு மிச்சம், சட்டியில முறுக்கு அடி தட்ட ஆரம்பிச்சிடுச்சு. கடையெல்லாம் சாத்தியாச்சு. அடுத்த தடவை பயந்துபோய் 7 லிட்டர் வாங்கினாங்க. மிஞ்சின எண்ணெய் கறுத்துப்போய் ஒரு மாசம் குழம்புத் தாளிப்புக்கு வந்துச்சு. ரெண்டுமே தப்புக் கணக்குதான்.

சட்டியில நிக்கிற எண்ணெய் வேற, முறுக்கு குடிக்கிற எண்ணெய் வேற. இரண்டையும் தனித்தனியாக் கணக்குப் போடணும்.

முதல்ல சட்டி. ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி பிடிச்சு, பாதி உயரம் வரைக்கும் ஊத்திப் பாருங்க. அதுக்கு மேல போகக் கூடாது. மாவுல இருக்கிற தண்ணி ஆவியாகும்போது எண்ணெய் பொங்கும். அத்தையோட இரும்புச் சட்டிக்குப் பாதி அளவு 2 லிட்டர். அதேபோல முறுக்கு அடியில உட்காராம மிதக்கத் தேவையான குறைஞ்சபட்சம் 1.25 லிட்டர். அளந்ததும் சட்டியை ஈரம் இல்லாமத் துடைச்சிடுங்க.

அடுத்து குடிக்கிற அளவு. நல்லா வெந்த கைமுறுக்கோ அச்சுமுறுக்கோ, அதோட எடையில கால் பங்குக்குக் கொஞ்சம் மேல எண்ணெய்தான் இருக்கும். மாவுக் கணக்குல சொன்னா, கிலோ மாவுக்கு 350-லிருந்து 400 மில்லி. 5 கிலோவுக்கு 2 லிட்டர்னு வச்சுக்கலாம்.

இப்போ கூட்டுங்க. குடிக்கிறது 2 லிட்டர், கடைசியில சட்டியில நிக்க வேண்டியது 1.25 லிட்டர், சிந்தறதுக்கும் கரண்டியில ஒட்டறதுக்கும் கால் லிட்டர். மொத்தம் 3.5 லிட்டர். 2 லிட்டர் ஊத்தி ஆரம்பிச்சு, குறையக் குறைய புது எண்ணெய் ஊத்துங்க. கடைசி ரெண்டு கிலோ மாவு வந்ததும் ஊத்தறதை நிறுத்திட்டா, மட்டம் தானா இறங்கி மிச்சம் கம்மியாகும். (பாக்கெட் வாங்கும்போது எடையைப் பாருங்க. ஒரு லிட்டர்னா சுமார் 910 கிராம் இருக்கணும். பார்க்க அதே சைஸ்ல 850 கிராம் பாக்கெட்டும் கிடைக்குது.)

உங்க மாவு எவ்வளவு குடிக்குதுன்னு முதல் கிலோவுலயே தெரிஞ்சுக்கலாம். சுட்டு ஆறின முறுக்கை எடை போடுங்க. 1.3 கிலோ பக்கம் வந்தா சரி. ஒண்ணரை கிலோவைத் தாண்டினா, ஒண்ணு உள்ளே சரியா வேகலை, இல்லேன்னா எண்ணெயை அதிகமாக் குடிச்சிருக்கு. உடைச்சுப் பாருங்க, விரல்ல பளபளன்னு ஒட்டினா எண்ணெய்தான். சட்டி மட்டத்தை மட்டும் நம்பிடாதீங்க. 180 டிகிரி சூட்டுல எண்ணெய் விரிஞ்சு, பச்சையா ஊத்தினப்போ இருந்ததைவிட சுமார் பத்துல ஒரு பங்கு கூடுதலாத் தெரியும்.

ஏன் அதிகமாக் குடிக்குது? மாவுல இருந்த தண்ணி ஆவியாகி வெளியேறும்போது சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். ஆவி வேகமா வெளிய வர்ற வரைக்கும் எண்ணெய் உள்ளே நுழையறது கஷ்டம். வெளிய எடுத்து ஆற ஆரம்பிச்சதும் உள்ளே இருக்கிற ஆவி சுருங்கி, மேல ஒட்டியிருக்கிற எண்ணெயை உறிஞ்சுக்கும். அதாவது, பெரும்பங்கு குடிக்கிறது சட்டியை விட்டு வந்த பிறகுதான்! அதனால ஜல்லிக்கரண்டியில எடுத்ததும் சட்டிக்கு மேலேயே பிடிச்சு, சூடு இருக்கும்போதே நல்லா உதறுங்க. தட்டுல கொட்டி அப்புறம் பேப்பர்ல ஒத்தறது பாதி லாபம்தான்.

மாவு தளர்வா இருந்தா ஆவியாக வேண்டிய தண்ணி அதிகம், ஓட்டையும் அதிகம். வெண்ணெய் கூடிப்போனா முறுக்கு எண்ணெயில பிரிஞ்சு கரைய ஆரம்பிக்கும், கணக்கே கெட்டுடும். ஒரே ஈடுல நிறைய போட்டா சூடு இறங்கி, வேக நேரம் கூடி, முறுக்கு சொதசொதன்னு ஆகும். ஒரு துளி மாவு போட்டா உடனே மேல எழும்பணும். சலசலப்பு அடங்கினா எடுக்கலாம். ஓமப்பொடி, ரிப்பன் பக்கோடா மாதிரி மெல்லிசா இருக்கிறதுக்கு, கிலோவுக்கு 100 மில்லி சேர்த்து வாங்குங்க. மேல்பரப்பு அதிகம், ஒட்டற எண்ணெயும் அதிகம்.

மிஞ்சின ஒண்ணேகால் லிட்டரை ஆறவச்சு, துணியில வடிகட்டி, ரெண்டு மூணு நாள்ல தாளிப்புக்குத் தீர்த்துடுங்க. திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய் கெட்டியாகி பலகாரத்துல அதிகம் ஒட்டும். உணவு நிறுவனங்கள், கடைகள் பயன்படுத்துற எண்ணெய்க்கு, சிதைவுப் பொருள்களோட அளவு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து வரம்பு வச்சிருக்கு. வீட்டுல அளக்கக் கருவி இல்லை. கறுத்து, நுரை அடங்காம, சீக்கிரமே புகைஞ்சா கீழே கொட்டிடுங்க. ஆனா சாக்கடையில கொட்டாதீங்க, அடைச்சுக்கும்.