கைக்கு வந்த தொகை: திருப்பூரில் தண்டல் முதல் கடன் செயலி வரை

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டுக்கு உழைக்கும் டெய்லருக்கும் செக்கிங் பெண்களுக்கும் சனிக்கிழமைதான் கூலி நாள். ஆர்டர் குறைந்த வாரத்தில் கூலி குறையும், வாடகை குறையாது. அந்த இடைவெளியை நெடுங்காலம் நிரப்பியவர் தண்டல்காரர். 10,000 ரூபாய் என்று எழுதி, 1,500-ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார். நாளுக்கு 100 வீதம் நூறு நாளில் அடைக்க வேண்டும். உண்மையில் கைக்கு வந்த 8,500-ஐ வைத்துக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி சுமார் 120 விழுக்காடு.

கொடிய வட்டிதான். ஆனால் தண்டல் வாங்கியவருக்கு இரண்டு செய்திகள் ஐயமின்றித் தெரியும்: கையில் எண்ணி வாங்கியது எவ்வளவு, கொடுத்தவர் யார். கடன் செயலிகள் இந்த இரண்டையுமே மறைத்தன. 2020-க்குப் பின் வந்த விதிகளின் வரலாறு, இவ்விரண்டையும் கடனாளிக்குத் திருப்பித் தரும் முயற்சியின் வரலாறு என்பது என் வாதம்.

தமிழ்நாடு 2003-இல் இயற்றிய கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டல், மீட்டர் வட்டி ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுத்தது. அது பார்த்தது வட்டி விகிதத்தை. கொரோனா முடக்கத்தின்போது பெருகிய செயலிகளோ வட்டியைக் குறைவாகக் காட்டிவிட்டு, ‘பிராசஸிங் ஃபீஸ்’ என்ற பெயரில் முன்பிடித்தம் செய்தன. 5,000 ரூபாய்க் கடனில் 3,500 மட்டும் வரவாகி, ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டியிருந்தால், ஒரு வாரத்துக்கே வட்டி 43 விழுக்காடு ஆகிறது. ரிசர்வ் வங்கி 2021-இல் அமைத்த பணிக்குழு, சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களுக்கு மாநில வட்டித்தொழில் சட்டங்கள் பொருந்தா என்று கேரள, குஜராத் வழக்குகளில் அது கூறியது. இத்தகைய கடனுக்கு ரிசர்வ் வங்கி பொதுவான வட்டி உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. அதனால் கடன் கொடுப்பவர் யார் என்பதே எந்தச் சட்டம் பாதுகாக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. வெளிப்படையாகச் சொல்லவேண்டிய கடமையே முதல் காப்பாகிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்கள் ‘முக்கியத் தகவல் அறிக்கை’யைக் கட்டாயமாக்கின. திரையில் Key Facts Statement என்று தெரிவது இதுதான். இதில் முதலில் தேட வேண்டியது Net disbursed amount என்ற வரி. அடுத்து APR, அதாவது கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் செலவு.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். கடன் 10,000, ஆண்டு வட்டி 30 விழுக்காடு, மூன்று மாதத் தவணை. பிராசஸிங் கட்டணம் 500, அதன்மேல் ஜிஎஸ்டி 90. வங்கிக் கணக்கில் விழுவது 9,410. மாதத் தவணை சுமார் 3,501. மொத்தம் கட்டுவது 10,504. கைக்கு வந்ததை வைத்துப் பார்த்தால் ஆண்டுச் செலவு சுமார் 68 விழுக்காடு. தவணைக் காலம் குறுகக் குறுக, அதே 590 ரூபாய் இந்த எண்ணை இன்னும் மேலே தள்ளும். விளம்பரம் சொல்வது 30. அறிக்கையின் APR சொல்ல வேண்டியது 68. அங்கேயும் 30 என்றே இருந்தால் அறிக்கையே தவறு. அறிக்கையில் இல்லாத கட்டணத்தைக் கடனாளியின் வெளிப்படையான ஒப்புதலின்றிப் பின்னர் வசூலிக்க முடியாது. கடன் வருமுன்பே ‘இன்சூரன்ஸ்’, ‘ஃபைல் சார்ஜ்’ என்று யுபிஐயில் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இடைநிலைச் செயலிக்குரிய கட்டணத்தை நிதி நிறுவனம்தான் தர வேண்டும். கடனாளியிடம் செயலி நேரடியாக வாங்கக் கூடாது.

கொடுப்பவர் யார் என்பதற்கு அறிக்கையில் உள்ள வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயரைப் பிடிக்க வேண்டும். செயலியின் பெயர் போதாது. உண்மையான நிறுவனங்களின் பெயரைப் போலிகள் போட்டுக்கொள்வதால், அந்நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய், அது வெளியிட வேண்டிய செயலிப் பட்டியலில் இந்தச் செயலி உள்ளதா என்று பார்ப்பதே சரியான திசை. 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் தளத்திலும் செயலிப் பட்டியல் இருக்கிறது. ஆனால் அது நிறுவனங்களே தரும் தகவல், நற்சான்றாகாது. உரிமம் இருப்பதும் முழுக் காப்பு ஆகாது. ‘கேஷ்பீன்’ செயலியை நடத்திய பிசி ஃபைனான்ஷியல் சர்வீசஸ் பதிவுபெற்ற நிறுவனம்தான். மிகை வட்டி உள்ளிட்ட குற்றச்சாட்டுகளுக்காக அதன் பதிவை 2022 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரத்து செய்தது.

கடைசிச் சோதனை பணம் வந்த பிறகுதான் முடியும். கடன் தொகை நிதி நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராகக் கடனாளியின் கணக்குக்கு வர வேண்டும் என்பது விதி. சில விலக்குகள் உண்டு. வங்கிக் கணக்கு அறிக்கையில் வரவுக்கு எதிரே யாரோ ஒரு தனிநபரின் பெயரோ அறியாத கம்பெனியோ இருந்தால், அல்லது தொகை அறிக்கையோடு பொருந்தாவிட்டால், அதைப் படம்பிடித்து வைக்க வேண்டும். பதிவுபெற்ற நிறுவனத்தின் கடனானால் குறைந்தது ஒரு நாள் விலகல் அவகாசம் இருக்கிறது: அசலையும் அந்த நாட்களுக்குரிய செலவையும் கட்டி, அபராதமின்றி வெளியேறலாம், அறிக்கையில் சொல்லப்பட்ட பிராசஸிங் கட்டணம் மட்டும் திரும்பாமல் போகலாம். அதனால் வரவைச் சரிபார்ப்பது அன்றைக்கே நடக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமைக்குள் அந்த அவகாசம் முடிந்திருக்கக்கூடும்.